இரண்டு ஊர், ஒரு தாவல்

2010 அக்டோபர் 20 அன்று, எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்கான இணையக் கடையில் 'சூப்பர் மீட் பாய்' என்ற விளையாட்டு வெளியானது. தோலில்லாத, சதுர உடம்புக்காரச் சிவப்புப் பையன் ஒருவன், கடத்தப்பட்ட தன் காதலியைத் தேடி ஓடுகிறான். வழியெங்கும் சுழலும் ரம்பங்கள், முட்கள், உப்புக் குவியல்கள். ஓடுவது, தாவுவது, சுவரில் ஒட்டி அங்கிருந்து மறுபடி தாவுவது ஆகிய மூன்று வித்தைகள்தான் அவனுக்குத் தெரியும். பட்டால் செத்துப்போவான். அடுத்த நொடியே கட்டத்தின் தொடக்கத்தில் உயிரோடு நிற்பான். அந்த மூன்று வித்தைகளை வைத்து 300க்கும் மேற்பட்ட கட்டங்களைக் கட்டியிருந்தார்கள்.

இதைச் செய்தவர்கள் முதன்மையாக இரண்டு பேர். படங்களையும் கட்டங்களையும் வடிவமைத்த எட்மண்ட் மெக்மில்லன் இருந்தது கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸில். விளையாட்டின் நிரலை முழுக்க எழுதிய டாமி ரெஃபீன்ஸ் இருந்தது அமெரிக்காவின் மறு கோடியில், வட கரோலினாவில். இருவர் கடிகாரத்துக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். சாண்டா குரூஸில் இரவு பதினொன்று என்றால் வட கரோலினாவில் அதிகாலை இரண்டு. இசையமைத்த டேனி பாரனாவ்ஸ்கியும் அவர்களோடு ஒரே அறையில் உட்கார்ந்தவர் இல்லை. அவரவர் வீட்டில், அவரவர் கணினியில் செய்த வேலை அது. 2012இல் வெளிவந்த 'இண்டி கேம்: தி மூவி' என்ற ஆவணப்படம் அவர்களுடைய கடைசி மாதங்களைக் கூடவே இருந்து படம்பிடித்திருக்கிறது. இந்தத் துறையில் கால் வைக்க நினைக்கும் யாரும் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய படம்.

இன்று இதே வேலையை வீடியோ காலில் செய்கிறார்கள். கல்லூரியில் ஒன்றாகப் படித்த இருவர் வேலைக்காக வேறு வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். பகலில் சம்பள வேலை. சாப்பிட்டு முடித்து, வீட்டில் விளக்கணைந்த பிறகு மடிக்கணினியைத் திறந்து, கேமராவில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒரு விளையாட்டைக் கட்டுகிறார்கள். பேச்சு போகிறது, படம் போகிறது, கோப்பு போகிறது, காசுகூடப் போகிறது. போகாத ஒன்று உண்டு. பெரும்பாலான இரட்டையர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான் என்பதால் அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

விளையாட்டைச் செய்கிறவர்கள் அதை 'ஃபீல்' என்கிறார்கள். பொத்தானை அழுத்தும் விரலுக்கும் திரையில் நகரும் உருவத்துக்கும் நடுவே கைக்கு ஏற்படும் உணர்வு அது. ஒரு பாத்திரம் தாவும்போது அது பஞ்சு போல மிதக்கிறதா, சட்டென்று எழும்பித் திடமாக விழுகிறதா, விரலை எடுத்தவுடன் நிற்கிறதா, ஒரு அடி வழுக்கிப் போகிறதா என்பதெல்லாம் அதில் அடங்கும். ஓடித் தாவும் விளையாட்டுகளில் படமும் கதையும் இதற்குப் பிறகுதான். இது சரியில்லை என்றால் ஆடுகிறவர் பத்து நிமிடத்தில் மூடிவிடுவார். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒருவர் நிரல் எழுதுகிறார், பெங்களூரில் இருக்கும் நண்பர் படமும் கட்டமும் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோவைக்காரர் தாவலை எழுதி முடித்து, தன் திரையைப் பகிர்ந்து ஆடிக் காட்டுகிறார்.

"மச்சான், இப்போ பாரு. எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான்னா? மிதக்குதா, நச்சுனு விழுதா?"

"நீ ஆடுறப்ப நான் எப்படிடா சொல்றது? பார்க்க நல்லாருக்கு."

பெங்களூர்க்காரர் சொல்வது முழு உண்மை. அவரால் சொல்ல முடியாது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

இத்தகைய விளையாட்டு வினாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிறது. அப்படிப் புதுப்பிக்கும் ஒவ்வொரு படத்தையும் ஃபிரேம் என்கிறார்கள். ஒரு ஃபிரேமின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிவினாடி. வீடியோ காலில் திரையைப் பகிரும்போது மென்பொருள் அந்தப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பல நேரங்களில் வினாடிக்கு 30 ஃபிரேமோ அதற்கும் குறைவாகவோதான் மறுமுனைக்குப் போய்ச் சேரும். இணைப்பு தடுமாறினால் மென்பொருள் முதலில் தியாகம் செய்வதும் இந்த எண்ணிக்கையைத்தான். அதோடு தாமதம் வேறு. ஒருவர் பேசியது மற்றவர் காதில் விழ 150 மில்லிவினாடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஆக, பேசுவதற்கு அருமையான இணைப்பு என்று நாம் மெச்சும் ஒன்றில்கூட ஒன்பது ஃபிரேம் வரை தாமதம் இருக்கலாம்.

இந்த ஒன்பதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு எண்ணைப் பாருங்கள். மேடையின் விளிம்பிலிருந்து தாவ நினைக்கும் ஆட்டக்காரர் பெரும்பாலும் ஒரு கணம் பிந்தித்தான் பொத்தானை அழுத்துவார். அதற்குள் பாத்திரத்தின் கால் மேடையை விட்டு விலகியிருக்கும். கறாராக நடந்துகொள்ளும் விளையாட்டு, 'நீ காற்றில் இருக்கிறாய், தாவ முடியாது' என்று அவரைக் கீழே தள்ளிவிடும். 'நான் அழுத்தினேனே' என்று அவருக்கு ஆத்திரம் வரும். ஆகவே கால் விலகிய பிறகும் சிறிது நேரம் தாவ அனுமதிக்கிறார்கள். 2018இல் வெளியான 'செலஸ்டே' என்ற புகழ்பெற்ற விளையாட்டில் இந்தச் சலுகை நேரம் 0.1 வினாடி. ஆறு ஃபிரேம். அந்தச் சலுகை இருப்பதே ஆட்டக்காரருக்குத் தெரியாது. எடுத்துவிட்டால் மட்டும் விளையாட்டு தன்னை ஏமாற்றுவதாக உணர்வார்.

ஆறு ஃபிரேமுக்குள் நடப்பதைப் பாதிப் படங்கள் உதிர்ந்து, ஒன்பது ஃபிரேம் பிந்தி வரும் ஓர் ஒளிபரப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவும் விரல் வேறொருவருடையதாக இருக்கும்போது? திரைப்பகிர்வைப் பார்த்துத் தாவலைத் தீர்மானிக்கும் இரட்டையர்கள் வாரக்கணக்கில் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வது இதனால்தான். தொலைவிலிருந்தே மற்றவர் கணினியை இயக்கவிடும் வசதியும் இதற்கு உதவாது. அங்கே போகவும் தாமதம், வரவும் தாமதம்.

வழி ஒன்றுதான். இரண்டு பேர் கணினியிலும் அதே விளையாட்டு ஓட வேண்டும், இருவர் கையும் ஆட வேண்டும், காலில் எண்கள் மட்டும் பேசப்பட வேண்டும்.

நம் கோவை நண்பரின் தாவல், ஆரம்பத்தில் இப்படி இருக்கிறது என்று கொள்வோம். கட்டம் 16 பிக்சல் சதுரங்களால் ஆனது. பாத்திரம் மூன்று சதுர உயரம், அதாவது 48 பிக்சல் எழும்ப வேண்டும். உச்சியை அடைய 0.4 வினாடி. நிரலுக்குத் தேவையானவை ஈர்ப்பும் தொடக்க வேகமும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஈர்ப்பு 600 வருகிறது. உயரத்தை இரண்டால் பெருக்கி நேரத்தால் வகுத்தால் தொடக்க வேகம் 240 வருகிறது. ஏற 0.4, இறங்க 0.4, மொத்தம் 0.8 வினாடி காற்றில். பெங்களூர் நண்பர் இதைத் தன் கணினியில் ஓட்டுகிறார்.

"டேய், மிதக்குதுடா. நிலாவுல குதிக்கிற மாதிரி இருக்கு."

கையில் ஆடியவுடன் வந்த பதில் இது. திரையில் பார்த்தபோது 'நல்லாத்தான்' இருந்தது. இப்போது கோவைக்காரருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. உயரத்தை மாற்றாமல் ஏறும் நேரத்தை மட்டும் 0.3 ஆக்கலாம். அப்போது ஈர்ப்பு 1067க்கும் தொடக்க வேகம் 320க்கும் போகும். காற்றில் இருக்கும் நேரம் 0.8இலிருந்து 0.6 ஆகக் குறையும். இரண்டாவது வழி, ஏறும்போது ஈர்ப்பை 600லேயே விட்டுவிட்டு இறங்கும்போது மட்டும் ஒன்றரை மடங்கு, அதாவது 900 ஆக்குவது. ஏற 0.4, இறங்க ஏறத்தாழ 0.33. மொத்தத்தில் மிச்சமானது 0.07 வினாடிதான். ஆனால் கைக்கு அது பெரிய வித்தியாசம். ஏறும்போது இலக்கைப் பார்த்துத் திசை திருப்ப அவகாசம் இருக்கிறது, இறங்கும்போது கால் சட்டென்று தரையைப் பிடிக்கிறது. ஓடித் தாவும் விளையாட்டு பலவற்றில் இந்த இரண்டாம் முறையைக் காணலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிரலில் ஈர்ப்பையும் வேகத்தையும் நேரடியாக எண்ணாக எழுதி வைத்தால், படம் வரையும் நண்பருக்கு 600, 240 என்பவை எதையும் உணர்த்தாது. உயரம், ஏறும் நேரம், இறங்கும் மடங்கு என்ற மூன்றை மட்டும் வெளியே தெரியும்படி வைத்து, மற்றதை நிரலே கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதினால், "ஏறுற நேரத்த 0.35 ஆக்கிப் பாரு" என்று அவரே சொல்வார். சொல்வதென்ன, அவரே மாற்றிப் பார்த்துவிடுவார். கோடோ, யூனிட்டி போன்ற விளையாட்டு எஞ்சின்களில் நிரலைத் தொடாமலே ஓரப் பெட்டியில் எண்ணை மாற்ற வசதி இருக்கிறது. ஆளுக்கொரு எண்ணை முயன்று, பிடித்த மூன்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் இரவு பேசலாம். மறுநாள் என்பது முக்கியம். ஒரு மணி நேரம் ஒரே தாவலைத் தாவிப் பார்த்தவருடைய விரல் எந்த எண்ணுக்கும் பழகிவிடும். தூங்கி எழுந்த விரல்தான் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்லும்.

சூப்பர் மீட் பாயில் இதே பிரச்சினைக்கு இன்னும் பெரிய அளவில் விடை கண்டார்கள். ரெஃபீன்ஸ் சந்தையில் கிடைத்த எஞ்சின் எதையும் பயன்படுத்தாமல் தானே ஒன்றை எழுதினார். அதோடு கட்டங்களை அமைப்பதற்கான கருவி ஒன்றையும் செய்து மெக்மில்லனிடம் கொடுத்தார். கலிஃபோர்னியாவில் இருப்பவர் ஒரு ரம்பத்தை இரண்டு சதுரம் தள்ளிவைக்க வட கரோலினாவில் இருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. வைத்துப் பார்த்து, ஆடிப் பார்த்து, செத்துப் பார்த்து, மறுபடி நகர்த்தலாம். 300க்கும் மேற்பட்ட கட்டங்களை இரண்டு ஊர்களிலிருந்து செய்ய முடிந்ததற்கு இந்தக் கருவியைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன். தொலைவில் இருக்கும் நண்பருக்கு நிரலாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, தன்னைக் கேட்காமலே அவர் வேலை செய்யும்படி ஒரு கருவியைச் செய்து கொடுப்பது. இரவு நேரக் காலில் முக்கால்வாசி, "அத கொஞ்சம் இடது பக்கம் நகர்த்து, இல்ல, இன்னும் கொஞ்சம்" என்றே கழிகிறது என்றால் அந்தக் கருவி இல்லை என்று பொருள்.

அடுத்து வருவது கோப்புச் சண்டை. இருவரும் ஒரே விளையாட்டில் கை வைக்கும்போது யாருடைய மாற்றம் நிற்கும்? 'கடைசி', 'கடைசி-புதுசு', 'உண்மையான கடைசி' என்று பெயரிட்டு ஜிப் கோப்புகளை அனுப்பிக்கொள்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் ஒரு வார வேலையைத் தொலைப்பார்கள். கிட் என்ற மென்பொருள் இதற்காகவே இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது, ஏன் செய்தார் என்று பதிவு செய்து, இருவருடைய மாற்றங்களையும் இணைக்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. நிரல் என்பது வரிவரியான எழுத்து. ஒருவர் பத்தாம் வரியையும் மற்றவர் நூறாம் வரியையும் மாற்றினால் கிட் தானே இணைத்துவிடும்.

ஆனால் விளையாட்டில் நிரல் மட்டும் இல்லை. படக் கோப்பையும் ஒலிக் கோப்பையும் வரிவரியாக இணைக்க முடியாது. இருவரும் மாற்றினால் ஒருவருடையதை எறிய வேண்டியதுதான். கட்டங்களைச் சேமிக்கும் கோப்புகளோ இரண்டும்கெட்டான். கோடோவில் ஒரு கட்டம் `level_03.tscn` என்பது போன்ற பெயரில் எழுத்துக் கோப்பாகவே இருக்கும். திறந்தால் படிக்கலாம். ஆனால் அதை எழுதியது எஞ்சின். இருவரும் ஒரே இரவில் அதே கட்டத்தைத் திருத்தினால் கிட் முரண்பாடு என்று நிறுத்தி, கோப்புக்குள் `<<<<<<<` என்று குறி போட்டு வைக்கும். அந்தக் குறியோடு எஞ்சினில் திறந்தால் கட்டம் திறக்காது. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் அதை ஊகித்துச் சரிசெய்வார். கட்டம் திறக்கும். மூன்றாவது மேடையில் ஒரு எதிரி காணாமல் போயிருப்பான், அது பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

இதற்குத் தொழில்நுட்பத்தைவிட வாய்ப்பேச்சே நல்ல மருந்து. கால் தொடங்கியதும் முதல் இரண்டு நிமிடம், இன்றிரவு எந்தக் கட்டம் யார் கையில் என்று சொல்லிவிட வேண்டும். "மூணாவது என்கிட்ட இருக்கு, நீ தொடாத." முடிக்கும்போது அன்றைய மாற்றத்தை அனுப்பி, மற்றவர் அதை இறக்கி, இருவர் கணினியிலும் விளையாட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகே காலைத் துண்டிக்க வேண்டும். திறக்காத நிலையில் விட்டுவிட்டுத் தூங்கப் போனால் அடுத்த இரவு முழுக்கப் பழுது பார்ப்பதில் போய்விடும். பெரிய கட்டத்தை ஒரே கோப்பாக வைக்காமல் அறை அறையாகப் பிரிப்பதும் மோதலைக் குறைக்கும்.

சரி, திரைப்பகிர்வு எதற்கும் ஆகாது என்றால் வீடியோ கால் எதற்கு? வெறும் அலைபேசிப் பேச்சு போதாதா? போதாது. வீடியோவின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. திரையைப் பகிர்வதை நிறுத்திவிட்டு நண்பருடைய முகத்தைப் பாருங்கள்.

நீங்கள் செய்த புதிய கட்டத்தை அவர் முதன்முதலாக ஆடுகிறார். கேமரா அவர் முகத்தில். உங்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். இது மிகக் கடினம். அவர் தவறான பக்கம் போகும்போது, "மேல, மேல பாருடா" என்று கத்தத் தோன்றும். கத்தக் கூடாது. கடையில் வாங்கி ஆடப்போகிறவர் பக்கத்தில் நீங்கள் இருக்கப்போவதில்லை. முகத்தைக் கவனித்தால் திரையில் தெரியாதது தெரியும். செத்துப்போன மறுகணம் சிரித்துக்கொண்டே மறுபடி ஆடுகிறாரா, உதட்டைப் பிதுக்கிப் பின்னால் சாய்கிறாரா? முதலாவது, கட்டம் கடினம் ஆனால் நியாயமானது என்பதன் அடையாளம். இரண்டாவது, எதனால் செத்தோம் என்றே அவருக்குப் புரியவில்லை என்பதன் அடையாளம். கண் திரையின் ஒரு மூலையிலேயே நின்றால் போக வேண்டிய வழி அவருக்குத் தெரியவில்லை. அலைபேசியை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் கட்டம் சலிப்பூட்டுகிறது. நேரத்தோடு குறித்துக்கொண்டு, ஆடி முடித்த பிறகு கேளுங்கள்.

மெக்மில்லன் தன் விளையாட்டு ஏன் அவ்வளவு கடினம் என்று விளக்கியபோது சொன்ன விஷயங்கள் இதோடு அப்படியே பொருந்துகின்றன. கடினத்தைக் குறைக்க அவர் முயலவில்லை, எரிச்சலைக் குறைத்தார். இத்தனை உயிர்தான் என்ற கணக்கு கிடையாது. கட்டங்கள் சிறியவை, செத்தாலும் போவது சில வினாடி உழைப்பு. செத்தவுடன் காத்திருப்பே இல்லாமல் மறுபடி தொடக்கம். இசைகூட நிற்பதில்லை. கட்டத்தை முடித்ததும், அதுவரை செத்த அத்தனை முயற்சிகளும் ஒரே நேரத்தில் திரையில் ஓடிக் காட்டப்படும். நாற்பது சிவப்புப் பையன்கள் கூட்டமாக ஓடி, ஒவ்வொருவராக ரம்பத்தில் விழ, ஒருவன் மட்டும் போய்ச் சேருவான். தோற்ற எரிச்சலையே பரிசாக மாற்றிக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டை இந்த வகை விளையாட்டுகளில் வந்த மிகச் சிறந்த யோசனைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன்.

முகம் பார்க்கும் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு கட்டத்தை ஒருவர் முதன்முறையாக ஆடுவது ஒரே ஒருமுறைதான் நடக்கும். இரண்டாம் முறை அவருக்கு வழி தெரியும். மூன்று மாதம் சேர்ந்து வேலை செய்த நண்பருக்கோ உங்கள் மனம் வேலை செய்யும் விதமே தெரிந்துவிடும். கதவை எங்கே ஒளிப்பீர்கள் என்று ஊகித்துவிடுவார். இருவரும் விளையாட்டில் தேர்ந்துபோவதால் கட்டங்கள் தாமாகவே கடினமாகிக்கொண்டு போகும், இருவருக்கும் அது உறைக்காது. மாதத்தில் ஓரிரு முறையாவது இதுவரை பார்க்காத மூன்றாம் ஆள் ஒருவரைக் காலில் உட்கார வைக்க வேண்டும். விளையாட்டே ஆடாத தங்கையோ அத்தை மகனோ இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு உபசாரமாகப் பேசத் தெரியாது, பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.

இரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூப்பர் மீட் பாயின் கடைசி இரண்டு மாதம் அந்த இருவருக்கும் கொடுமையான காலம். மைக்ரோசாஃப்டின் இலையுதிர் கால விளம்பர ஏற்பாட்டில் இடம்பிடிக்க, குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டிய நெருக்கடி. தூக்கமும் சாப்பாடும் முறைதவறின. வெளியீட்டு நாளன்று கடையின் முகப்பில் விளையாட்டு எதிர்பார்த்தபடி தென்படாமல் ரெஃபீன்ஸ் மனமுடைந்து உட்கார்ந்திருக்கும் காட்சி ஆவணப்படத்தில் இருக்கிறது. மகிழ்ச்சியைக்கூட உணர முடியாத அளவுக்கு அவர் களைத்திருக்கிறார். விளையாட்டு நன்றாக விற்றது. 2012 தொடக்கத்துக்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. நின்டெண்டோவின் வீ கருவிக்கான பதிப்பு மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்தக் கடையில் ஒரு விளையாட்டு 40 மெகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது, 300 கட்டங்களும் இசையும் அதற்குள் அடங்கவில்லை.

அவர்களுக்கு அது முழுநேர வேலை. காலையில் அலுவலகம் போக வேண்டியவர்கள் அந்த இரண்டு மாதத்தை முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாது. நள்ளிரவுக்குப் பிறகு எழுதும் நிரலில் பிழைகள் கூடுவதை யாரும் தங்கள் கிட் பதிவிலேயே பார்க்கலாம். 'நேற்று இரவு மாற்றியதைத் திரும்பப் பெறுகிறேன்' என்ற வகைக் குறிப்புகள் எந்த நேரத்து வேலையைப் பற்றியவை என்று எண்ணிப் பாருங்கள். வாரத்தில் மூன்று இரவு, இரவுக்கு ஒன்றரை மணி நேரம், பேசுவது கால்வாசி, மீதி நேரம் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அவரவர் வேலை. இந்த அளவில் ஒரு சிறிய விளையாட்டை ஓராண்டில் முடிக்கலாம். பெரிய விளையாட்டை முடிக்க முடியாது. ஆகவே பெரியதைத் தொடங்காதீர்கள். பத்துக் கட்டம் உள்ள ஒன்றை முடித்தவர்கள், நூறு கட்டம் திட்டமிட்டு ஒன்பதில் நின்றவர்களைவிட அதிகம் கற்றிருப்பார்கள்.

கடைசியாக, நண்பர்கள் பேசக் கூச்சப்படும் ஒன்று. ஸ்டீம் கடையில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும், கூகுள் பிளேயில் கணக்குத் தொடங்க ஒருமுறை 25 டாலர். தொகை பெரிதில்லை. அந்தக் கணக்கு யார் பெயரில் என்பதுதான் பெரிது. வரும் பணம் அவருடைய வங்கிக்குத்தான் வரும், வருமான வரியும் அவர் பெயரில்தான் சேரும். ஒருவருக்குக் கல்யாணமாகி நேரம் குறைந்துவிட்டால், அல்லது வேலை போய் அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், அல்லது ஒருவர் இரண்டாம் பாகம் செய்ய விரும்பி மற்றவர் விரும்பாவிட்டால் என்ன செய்வது? சூப்பர் மீட் பாய்க்குப் பிறகு மெக்மில்லன் 2011இல் 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' என்ற வேறு விளையாட்டை வேறொருவருடன் செய்தார். மீட் பாயின் அடுத்த பாகமான 'சூப்பர் மீட் பாய் ஃபாரெவர்' 2020 டிசம்பரில் வந்தபோது அதில் அவர் பங்கேற்கவில்லை. அவ்வளவு நெருக்கமாக உழைத்தவர்களின் பாதைகளும் பிரியத்தான் செய்கின்றன.

அதனால், நண்பரோடு இப்படி ஒன்றைத் தொடங்கியிருப்பவர்கள் இந்த வாரக் கால் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். செலவு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் நிரலும் படங்களும் யாரிடம் இருக்கும், விளையாட்டின் பெயரை யார் பயன்படுத்தலாம் என்ற நான்குக்கும் விடை எழுதி, ஒரே பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு விற்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கத்தை எழுதுவது மிகவும் கடினம்.